மூன்று கொட்டேஷன், ஒரே தாள்: கடைசிக் கட்டத்தில் எந்தத் தொகை?

கொள்முதல் பிரிவில் புதிதாகச் சேர்பவர் கையில் முதலில் வந்து விழும் வேலை, மூன்று சப்ளையர்களின் கொட்டேஷன்களை வைத்துக் கம்பேரட்டிவ் ஸ்டேட்மென்ட் என்ற ஒப்பீட்டுத் தாள் போடுவதுதான். விலை, வரி, வண்டி வாடகை எல்லாவற்றையும் கூட்டி, குறைந்த தொகைக்கு எதிரே ‘எல்-1’ என்று எழுதிக் கையெழுத்துக்கு அனுப்பிவிடலாம் என்று தோன்றும். கூட்டலில் தவறு வருவது அபூர்வம். எதைக் கூட்டுவது, எதை விடுவது என்பதில்தான் பெரும்பாலான தாள்கள் சறுக்குகின்றன.

கோயம்புத்தூரில் உள்ள ஒரு ஃபேப்ரிகேஷன் தொழிற்சாலைக்கு 6 மி.மீ. எச்.ஆர். இரும்பு ஷீட் 10 டன் தேவை என்று வைத்துக்கொள்வோம். விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. கொட்டேஷன்களின் வாசகங்கள் வழக்கமாக வருபவை.

முதல் சப்ளையர் உள்ளூர் டீலர். கிலோ ரூ.58.50, ஜிஎஸ்டி 18% தனி, நம் கேட் வரை டெலிவரி அவர் பொறுப்பு, பணம் 30 நாளில். இரண்டாமவர் சென்னை. கிலோ ரூ.56.40, அவருடைய குடோனில் எடுத்துக்கொள்ள வேண்டும், லோடிங் டன்னுக்கு ரூ.300, ஜிஎஸ்டி தனி, முழுத் தொகையும் அட்வான்ஸ், சரக்கு ஏழு நாளில் கிடைக்கும். லாரி வாடகை டன்னுக்கு ரூ.1,600 நம் செலவு. மூன்றாமவரும் உள்ளூர்தான், சிறிய கடை. அவர் தாளில் ஒரே வரி: கிலோ ரூ.64.90, எல்லாம் உட்பட, டெலிவரி சேர்த்து, சரக்கு இறங்கியதும் பணம்.

கையிலிருந்து போகும் மொத்தப் பணத்தை முதலில் பார்ப்போம். முதலாமவருக்குச் சரக்கு விலை ரூ.5,85,000, வரி ரூ.1,05,300, ஆக ரூ.6,90,300. சென்னைக்காரருக்குச் சரக்கு ரூ.5,64,000, லோடிங் ரூ.3,000. லோடிங் கூலியும் அவர் பில்லில் வருவதால் அதற்கும் சேர்த்தே 18% வரி விழும்: ரூ.1,02,060. பில் தொகை ரூ.6,69,060. லாரி வாடகை ரூ.16,000. அதற்கு ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நாமே கட்ட வேண்டிய 5% ஜிஎஸ்டி ரூ.800. எல்லாம் சேர்த்து ரூ.6,85,860. மூன்றாமவருக்கு ரூ.6,49,000. தாளின் கடைசிக் கட்டத்தை மட்டும் பார்த்தால் சிறிய கடைக்காரர் மிகத் தெளிவாக எல்-1.

ஆனால் ஜிஎஸ்டி பதிவுள்ள தொழிற்சாலைக்குக் கட்டிய வரி செலவில்லை. நாம் விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழிந்து, இன்புட் கிரெடிட்டாகத் திரும்பிவிடும். லாரி வாடகைக்குக் கட்டும் ரூ.800-ம் அப்படியே. வரியை விலக்கினால் முதலாமவர் ரூ.5,85,000, சென்னை ரூ.5,83,000. மூன்றாமவருக்கு என்ன எழுதுவது? இங்கேதான் பலரும் பழக்கத்தில் 64.90-ஐ 1.18-ஆல் வகுத்து 55.00 என்று எழுதுகிறார்கள். வகுத்தல் பைசா சுத்தமாக வந்துவிடுவதால் சந்தேகமும் எழுவதில்லை. ரூ.5,50,000, மறுபடியும் அவரே எல்-1.

அவர் சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் அந்த வகுத்தலுக்கே இடமில்லை. காம்போசிஷன் வியாபாரி வாங்குபவரிடம் வரி வசூலிக்கக் கூடாது; டேக்ஸ் இன்வாய்ஸ் கொடுக்க முடியாது, பில் ஆஃப் சப்ளைதான் கொடுப்பார். நமக்கு ஒரு பைசாகூட கிரெடிட் வராது. அவரிடம் வாங்கினால் நம் அடக்க விலை ரூ.6,49,000 முழுவதும்தான். முதலாமவரைவிட ரூ.35,000 குறைவு என்று தாளில் தெரிந்தவர், உண்மையில் ரூ.64,000 கூடுதல். ஆகவே ‘எல்லாம் உட்பட’ என்ற கொட்டேஷன் வந்தால், வகுப்பதற்கு முன் அவருடைய ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் தேட வேண்டும். Taxpayer Type என்ற இடத்தில் Regular என்று இருக்கிறதா, Composition என்று இருக்கிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும். இந்த விவரத்துக்கென்று தாளில் ஒரு தனி வரி இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதே மூன்று கொட்டேஷனும் இன்புட் கிரெடிட் எடுக்க முடியாத ஒரு மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ வந்திருந்தால் கதை மாறும். அங்கே வரியும் செலவுதான், ரூ.6,49,000 கேட்கும் சிறிய கடைக்காரரே நியாயமான எல்-1. வாங்குபவர் யார் என்று தெரியாமல் ‘மொத்த அடக்க விலை’ என்று ஒரு எண்ணைச் சொல்லவே முடியாது.

நம் தொழிற்சாலைக்கே திரும்புவோம். மூன்றாமவர் காம்போசிஷன் என்றே கொண்டால், இனி மிஞ்சுவது முதலாமவரும் சென்னைக்காரரும். ரூ.2,000 வித்தியாசத்தில் சென்னை முன்னால் நிற்கிறது. பணம் கொடுக்கும் நாளைக் கணக்கில் எடுத்தால் அது நிற்காது. வங்கிக் கடனுக்கு ஆண்டுக்கு 12% வட்டி என்று கொள்வோம். வட்டியை வரி சேர்த்த பில் தொகைக்குத்தான் போட வேண்டும். கையிலிருந்து போவது அதுதானே. சென்னைக்கு ரூ.6,69,060-ஐ ஏழு நாள் முன்பே கொடுப்பதால் ரூ.1,540 கூடுகிறது. உள்ளூர்க்காரருக்கு ரூ.6,90,300-ஐ 30 நாள் கழித்துக் கொடுப்பதால் ரூ.6,808 குறைகிறது.

| | முதலாமவர் | சென்னை | மூன்றாமவர் |
|---|---|---|---|
| கையிலிருந்து போவது | 6,90,300 | 6,85,860 | 6,49,000 |
| கிரெடிட் போக | 5,85,000 | 5,83,000 | 6,49,000 |
| வட்டி சரிசெய்த பின் | 5,78,192 | 5,84,540 | 6,49,000 |

கிலோவுக்கு ரூ.2.10 அதிகம் கேட்டவர் கடைசியில் ரூ.6,348 மலிவு. ஒரு நிபந்தனை உண்டு: அவர் தன் ரிட்டர்னை நேரத்துக்குத் தாக்கல் செய்பவராக இருக்க வேண்டும். சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களைக் காட்டும் நம் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் அவருடைய பில் ஏறாதவரை ஒரு லட்சத்துச் சொச்ச ரூபாய் கிரெடிட்டை எடுக்க முடியாது. பழைய பில்கள் எந்த மாதத்தில் ஏறின என்று கணக்குப் பிரிவில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

இரும்பில் இன்னொன்று இருக்கிறது. இதுவரை போட்ட கணக்கு முழுவதையும் விழுங்கக்கூடியது. விலை கிலோவுக்கு என்றால், அந்தக் கிலோ எந்த எடை? எடைமேடையில் வந்த எடையா, அளவை வைத்துக் கணக்கிட்ட எடையா? 1250 × 2500 மி.மீ. அளவுள்ள 6 மி.மீ. ஷீட் ஒன்றுக்குக் கணக்கு எடை 147.19 கிலோ, 68 ஷீட் சேர்ந்தால் 10 டன். வந்த ஷீட்டின் கனம் 5.8 மி.மீ. என்றால் ஒன்று 142.28 கிலோதான். கணக்கு எடையில் பில் போட்டால் 68 ஷீட்டுக்கு ஏறக்குறைய 334 கிலோ வராத இரும்புக்குப் பணம் கொடுக்கிறோம். ரூ.58.50 விலையில் அது ரூ.19,500. ஷீட்டைத் தொட்டுப் பார்த்தால் தெரியாது. மைக்ரோமீட்டர் வைத்தால் தெரியும், கேட்டில் வண்டியை எடை போட்டால் தெரியும். ‘பில் எடைமேடைச் சீட்டின்படி’ என்று மூவரிடமும் எழுத்தில் வாங்கிய பிறகே விலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். ஒருவர் கணக்கு எடையிலும் இன்னொருவர் எடைமேடை எடையிலும் விலை சொல்லியிருந்தால் அவை ஒப்பிடக்கூடிய விலைகளே அல்ல.

தேதியும் அப்படித்தான். இரும்பு விலை இரண்டு மூன்று நாளில் மாறிவிடும். திங்கட்கிழமை வந்த கொட்டேஷனையும் வெள்ளிக்கிழமை வந்ததையும் ஒரே தாளில் போடுவது கொட்டேஷன் கொடுத்தவர்களுக்கும் நியாயமில்லை, நமக்கும் நியாயமில்லை. மூவரிடமும் ஒரே நாளில் விலையைப் புதுப்பித்து வாங்கி, அந்தத் தேதியைப் பெயருக்குக் கீழேயே எழுதிவிடலாம்.

மேலே உள்ள தாளில் முதலாமவரைத் தேர்ந்தெடுத்தால், குறிப்புப் பகுதியில் இவ்வளவு எழுதினால் போதும்: “மூன்றாமவர் காம்போசிஷன், கிரெடிட் இல்லை. சென்னை முழு அட்வான்ஸ். வட்டி 12% சேர்த்தால் ரூ.6,348 கூடுதல். எடை மூவருக்கும் எடைமேடைச் சீட்டின்படி.” ஆறு மாதம் கழித்துத் தணிக்கையாளர் ஃபைலைத் திறந்து, ரூ.6,49,000 இருக்கும்போது ரூ.6,90,300-க்கு ஏன் ஆர்டர் போட்டீர்கள் என்று கேட்டால், தாள் எழுதியவர் அன்று லீவில் இருந்தாலும் பதில் அங்கேயே இருக்கும்.