ஏற்காட்டுக் காய்ச்சலை ஒரு கேள்வியாக்கியபோது

சேலத்தில் ஜெனரல் மெடிசின் இரண்டாம் ஆண்டு பி.ஜி. படிக்கிறேன். மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் மாதங்களில் ஏற்காட்டு மலையிலிருந்து எங்கள் வார்டுக்குக் காய்ச்சலோடு வருகிறவர்களில் சிலருக்கு ஸ்க்ரப் டைபஸ் இருக்கும். ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்பார்கள். போன பருவத்தில் எங்கள் யூனிட் சீஃப் மேடம் என்னைக் கூப்பிட்டு, "ஃபைனல் இயர் பசங்களுக்கு டெஸ்ட் வைக்கணும். ஸ்க்ரப் டைபஸ்ல ஒரு கேஸ் கேள்வி எழுதிட்டு வாம்மா, ஒரே சிறந்த விடை இருக்கிற மாதிரி" என்றார். ஒரு கேள்விதானே என்று அன்றிரவே எழுதினேன். அது தேர்வுத்தாளுக்குப் போகும் முன் நான்கு முறை மாறியது. ஒவ்வொரு முறையும் ஏன் மாறியது என்பதைச் சொன்னால், முதல்முறை கேள்வி எழுத உட்காரும் பி.ஜி.க்களுக்கும் இளம் ஆசிரியர்களுக்கும் உதவும். தாள் ஆங்கிலத்தில்தான் இருந்தது. இங்கே தமிழில் சொல்கிறேன்.

முதலில் எழுதியது இது: "ஸ்க்ரப் டைபஸ் பற்றிக் கீழ்க்கண்டவற்றில் எது சரி?" விடைகளில் ஒன்று கொசுவால் பரவும் என்றது. இன்னொன்று எல்லா நோயாளிகளுக்கும் எஸ்கார் இருக்கும் என்றது. மூன்றாவது, வெயில்-ஃபெலிக்ஸ் பரிசோதனை ஒருபோதும் தவறாது என்றது. நான்காவது, டாக்ஸிசைக்ளின் கொடுக்கலாம்.

மேடம் படித்துவிட்டு ஒரு தாளை எடுத்து விடைகளை மூடினார். "இப்ப பதில் சொல்லு." சொல்ல முடியவில்லை. விடைகளைப் பார்க்காமல் எதைத்தான் சொல்வது? ஒன்று பரவும் விதம், ஒன்று அறிகுறி, ஒன்று பரிசோதனை, ஒன்று மருந்து. நான்கும் நான்கு திசையில் இருந்தன. இது ஒரு கேள்வியே அல்ல, நான்கு சரி-தவறு வாக்கியங்களை ஒரே இடத்தில் கட்டி வைத்தது. இன்னொரு குறையையும் காட்டினார். "எல்லா", "ஒருபோதும்" என்று அடித்துச் சொல்லும் வாக்கியங்களை மாணவர்கள் யோசிக்காமலே ஒதுக்கிவிடுவார்கள். "கொடுக்கலாம்" என்று மென்மையாக இருப்பதைத் தொட்டுவிடுவார்கள். நோயைப் பற்றி எதுவும் தெரியாதவருக்கும் மார்க் கிடைத்துவிடும்.

அன்று முதல் எனக்கு அந்தத் தாள் பரிசோதனைதான் அளவுகோல். நன்றாகப் படித்த ஒருவர், விடைகளை மூடி வைத்துக்கொண்டு, கதையையும் கடைசிக் கேள்வி வரியையும் மட்டும் படித்துவிட்டுப் பதில் சொல்ல முடிய வேண்டும். அந்தக் கடைசி வரியைத்தான் லீட்-இன் என்கிறோம்.

இரண்டாவது வரைவில் கதை வந்தது. காபித் தோட்டத்தில் வேலை செய்யும் பெண், எட்டு நாள் காய்ச்சல், அக்குளில் எஸ்கார். லீட்-இன்: "அடுத்து என்ன செய்வீர்கள்?" எங்கள் ஹவுஸ் சர்ஜன் ஒருவரிடம் விடைகளை மூடிக் கொடுத்தேன். "ஐ.வி. லைன் போடுவேன் அக்கா, ஐஜிஎம் எலைசா அனுப்புவேன், டாக்ஸி ஆரம்பிச்சிடுவேன்" என்றார். மூன்றும் சரி. வார்டில் மூன்றையும் சேர்த்தேதான் செய்கிறோம். பிழை அவரிடம் இல்லை, என் லீட்-இன்னில் இருந்தது. "அடுத்து" என்பது பரிசோதனையா, மருந்தா, அட்மிஷனா என்று நான் முடிவு செய்யவே இல்லை.

அதனால் வேலையைத் தலைகீழாகத் தொடங்கினேன். லீட்-இன்னை முதலில் எழுதி, அதற்குப் பிறகு கதை. இந்தக் கேள்வியில் நான் சோதிக்க விரும்பியது ஒன்றே ஒன்று: எலைசா முடிவுக்காகக் காத்திருக்காமல், கண்ணெதிரே இருப்பதை வைத்துச் சரியான மருந்தைத் தொடங்கத் தெரிகிறதா? அப்படியானால் வரி இப்படித்தான் இருக்க வேண்டும்: "இந்தக் காய்ச்சலுக்கு இப்போதே தொடங்க வேண்டிய மிகப் பொருத்தமான மருந்து எது?" அந்த வரி முடிவானதும் விடைகள் ஐந்தும் மருந்துப் பெயர்களாகத்தான் இருக்க முடியும் என்பதும் தானாக முடிவாகிவிட்டது.

கதையில் "எஸ்கார்" என்ற சொல்லை மேடம் சிவப்பு மையில் அடித்திருந்தார். அந்தச் சொல்லே நோயின் பெயர் மாதிரி. மனப்பாடம் செய்தவர் அதைப் பார்த்ததும் மற்ற வரிகளைப் படிக்கவே மாட்டார். நோயாளி வார்டுக்கு வரும்போது உடம்பில் சொல் எழுதி ஒட்டியிருக்காது. நாம்தான் புடவையை விலக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்கிறோம். எனவே கண்ணில் பட்டதை மட்டும் எழுதினேன், அதன் பொருளை எழுதவில்லை. மூன்றாவது வரைவு:

"34 வயதுப் பெண், ஏற்காட்டில் காபிப் பழம் பறிப்பவர். 8 நாட்களாகக் காய்ச்சல், தலைவலி, உடல்வலி. வெளியே 5 நாட்கள் செஃபிக்ஸிம் சாப்பிட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. வெப்பநிலை 39.2 °C, நாடி 112, ரத்த அழுத்தம் 110/70, மூச்சு நிமிடத்துக்கு 20, ஆக்சிஜன் அளவு 97%. இடது அக்குளில் 8 மி.மீ. அளவில் வலியில்லாத புண். நடுவில் கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். அதே பக்கம் நெறி கட்டியிருக்கிறது. தட்டணுக்கள் 92,000. மலேரியா, டெங்கு பரிசோதனைகள் நெகட்டிவ்."

விடைகள்: செஃப்ட்ரையாக்சோன், டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், ஆர்ட்டிசுனேட்.

இது முடிந்துவிட்டது என்று நினைத்தேன். மேடம் கேட்டது ஒரே கேள்வி: "அசித்ரோமைசின் கொடுத்தா இந்தம்மாவுக்குக் காய்ச்சல் இறங்காதா?" இறங்கும். சிக்கல் இல்லாத ஸ்க்ரப் டைபஸில் இரண்டு மருந்துமே வேலை செய்கின்றன. நான் டாக்ஸிசைக்ளினைச் சரி என்று குறித்தது பழக்கத்தால்; கதைக்குள் அதற்குக் காரணம் எதுவும் இல்லை. கேள்வி எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். "சிறந்த விடை" எழுதுபவரின் விருப்பமாக இருந்தால் போதாது. மற்ற நான்கும் ஏன் அதற்குக் கீழே என்பதற்குக் கதையிலிருந்தே ஒரு வரியைக் காட்ட முடிய வேண்டும். காட்ட முடியவில்லையென்றால், நன்றாகப் படித்த மாணவர்தான் அதிகம் குழம்புவார், மார்க்கையும் இழப்பார்.

சரிசெய்ய இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, அசித்ரோமைசினை எடுத்துவிட்டு வேறு மருந்தை வைப்பது. இன்னொன்று, கதையில் ஒரே ஒரு விவரத்தைச் சேர்ப்பது: "24 வார கர்ப்பிணி." அந்தச் சில எழுத்துகளில் விடை டாக்ஸிசைக்ளினிலிருந்து அசித்ரோமைசினுக்கு மாறிவிடும். டெட்ராசைக்ளின் வகை மருந்துகளைக் கர்ப்பத்தின் இரண்டாம் பாதியில் பொதுவாகத் தவிர்க்கிறோம், குழந்தையின் பல்லுக்கும் எலும்புக்கும் ஆகாது என்பதால். இப்போது டாக்ஸிசைக்ளின் மிக நல்ல தவறான விடையாக அமர்கிறது. நோயைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு நோயாளியைப் பார்க்க மறந்தவர் அதைத் தேர்ந்தெடுப்பார். நான் இரண்டையும் தனித்தனிக் கேள்விகளாக வைத்துக்கொண்டேன்.

இதே கதையில் ஆக்சிஜன் அளவை 86%, மூச்சை 34 என்று மாற்றினால் விடை மறுபடியும் நகரும். தீவிர ஸ்க்ரப் டைபஸில் டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேல் என்று இந்திய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. அதனால்தான் நாடி, மூச்சு, ஆக்சிஜன் எண்களை அலங்காரத்துக்காக எழுதக் கூடாது என்கிறேன். "இவருக்கு இன்னும் நுரையீரல் பாதிக்கப்படவில்லை" என்பதை அந்த எண்கள்தான் சொல்கின்றன. அவற்றை விட்டுவிட்டால் விடை ஒன்று என்று சொல்ல முடியாது.

கர்ப்பம் சேர்க்காத கேள்வியில் அசித்ரோமைசின் இருந்த இடத்துக்கு வார்டு ரவுண்ட்ஸில் கேட்ட பதில்களிலிருந்து ஆள் தேடினேன். "செஃபிக்ஸிமுக்கு அடங்கலைன்னா அதைவிடப் பெரிய ஆன்டிபயாட்டிக்" என்று ஜூனியர்கள் யோசிப்பதை நேரில் பார்த்திருக்கிறேன். அதனால் பைபராசிலின்-டாசோபாக்டம் வைத்தேன். செஃப்ட்ரையாக்சோன் டைபாய்டு என்று நினைப்பவருக்கு. தவறான விடை ஒவ்வொன்றுக்கும் பின்னால் உண்மையான ஒரு மாணவரின் யோசனை இருக்க வேண்டும். இல்லையென்றால் அது வெறும் இடம் நிரப்பி.

ஆர்ட்டிசுனேட் அப்படித்தான் ஆனது. டெஸ்ட் எழுதிய 90 பேரில் அதைத் தொட்டவர் ஒருவர். மலேரியா நெகட்டிவ் என்று நானே கதையில் எழுதிவிட்டு மலேரியா மருந்தை விடையில் வைத்திருந்தேன். 5 சதவீதத்துக்கும் குறைவானவர்கள் தேர்ந்தெடுக்கும் விடை வேலை செய்யவில்லை என்பது வழக்கமான கணக்கு. அடுத்த முறைக்கு அதை எடுத்துவிட்டேன்.

கேள்வி பிரித்துக் காட்டுகிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. மொத்த மார்க்கில் மேலே உள்ள 27 சதவீதத்தையும் கீழே உள்ள 27 சதவீதத்தையும் எடுத்தேன்; இரு பக்கமும் 24 பேர். மேலே 20 பேர் சரி, கீழே 9 பேர் சரி. வித்தியாசம் 11, அதை 24-ஆல் வகுத்தால் 0.46. 0.3-க்கு மேல் இருந்தால் நல்ல கேள்வி என்று எடுத்துக்கொள்கிறோம். இந்த எண் மைனஸில் வந்தால் முதலில் விடைக் குறிப்பைச் சரிபாருங்கள். நன்றாகப் படித்தவர்கள் வேறொன்றைச் சரி என்று பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மேல் வரிசையில் தவறவிட்ட நான்கு பேரும் செஃப்ட்ரையாக்சோன் போட்டிருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒரு பெண் சொன்னாள்: "பொருக்கைப் படிச்சேன் அக்கா. ஆனா ப்ளட் கல்ச்சர் கொடுக்கலை, அதனால டைபாய்டை விட மனசு வரலை." கல்ச்சர் முடிவைச் சேர்த்துவிடலாமா என்று மேடத்திடம் போனேன். வேண்டாம் என்றார். கல்ச்சர் வரும் வரை மருந்தைத் தள்ளிப்போடுகிறார்களா என்பதைத்தான் இந்தக் கேள்வி கேட்கிறது. முடிவைக் கொடுத்துவிட்டால் கேள்வியே போய்விடும். அந்தக் குறையை ஏற்கவில்லை.

இன்னொரு மாணவர் சொன்னதை ஏற்றுக்கொண்டோம். "அக்குள்னு பார்த்ததுமே தெரிஞ்சுடுச்சு அக்கா, ஸ்லைடுல அதே படம்தான் இருந்தது" என்றார். அடுத்த தாளில் அந்தப் புண்ணை மார்பகத்துக்குக் கீழுள்ள மடிப்புக்கு மாற்றியிருக்கிறேன், நெறியை அக்குளிலேயே விட்டிருக்கிறேன்.