பிள்ளை வேண்டும் என்று போனேன், முதலில் கருத்தடை போடச் சொன்னார்கள்

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். பள்ளியில் படிக்கும்போதே எனக்கு வலிப்பு வந்துவிட்டது, அதுவும் காலையில் எழுந்ததும் கை வெடுக்கென்று உதறி கையிலிருக்கும் கோப்பை கீழே போகும் வகை, தூக்கம் கெட்டால் முழு வலிப்பே வந்துவிடும். இந்த வகைக்கு வால்புரோயேட் என்ற மருந்து நன்றாகவே கேட்கும். காலை 400, இரவு 400 மில்லிகிராம் என்று சாப்பிட்டு வருடக்கணக்கில் வலிப்பே இல்லாமல் இருந்தேன். கல்யாணம் ஆனதும் டாக்டரிடம் குழந்தைப் பேச்சை எடுத்தேன். உடனே அவர் கேட்டது, "இப்போது என்ன கருத்தடை பயன்படுத்துகிறீர்கள்?"

வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பிள்ளை வேண்டும் என்று வந்தவர்களிடம் இப்படிக் கேட்டால்?

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கருவில் முதுகுத்தண்டு மூடும் வேலை கரு உருவான நாலு வாரத்துக்குள் முடிந்துவிடும். மாதவிடாய் தள்ளிப்போய், சந்தேகப்பட்டு, டெஸ்ட் எடுத்து, கிளினிக்குக்கு வருவதற்குள் அந்த நேரம் கடந்திருக்கும். வால்புரோயேட்டால் அதில் குறை வந்திருந்தால், அப்புறம் மருந்தை மாற்றினாலும் அது போகாது. வால்புரோயேட் எடுக்கும் தாய்மாருக்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் சுமார் 10 பேருக்குப் பெரிய உறுப்புக் குறை இருக்கிறது, மற்றவர்களிடம் அது 2, 3 பேர்தான். அதைவிட எனக்குத் தூக்கிவாரிப் போட்டது இன்னொரு கணக்கு: 30 முதல் 40 பேருக்குப் பேச்சு, படிப்பு, நடத்தையில் பின்னடைவு வரலாம், பிறக்கும்போது பார்த்தால் எதுவுமே தெரியாது. ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார், ஆனால் இதைச் சாப்பிட்டால் வால்புரோயேட்டின் ஆபத்து போய்விடும் என்று நினைக்காதீர்கள் என்றார்.

அதனால்தான் அந்த வரிசை. முதலில் கர்ப்பம் இல்லை என்று டெஸ்ட், பிறகு நம்பகமான கருத்தடை, அதற்குப் பிறகு மருந்து மாற்றம், புது மருந்தில் வலிப்பு அடங்கியிருப்பதைப் பார்த்த பின்தான் கருத்தடையை எடுப்பது. இதெல்லாம் எழுதிய படிவத்தில் நானும் டாக்டரும் கையெழுத்துப் போட்டோம். வால்புரோயேட் தொடரும் பெண்கள் வருடத்துக்கு ஒரு முறை அதைத் திரும்பப் பேசிக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

கருத்தடையை எங்கள் ஊர் அரசாங்கக் கிளினிக்கில் பார்த்துக்கொண்டோம். மிஸ்ஸி முதலில் சொன்னது மூன்று மாத ஊசி. அதை நிறுத்திய பிறகு மாதவிடாய் ஒழுங்குக்கு வர ஒரு வருடம்கூட இழுக்கலாம் என்பதால், சீக்கிரம் பிள்ளை வேண்டும் என்பவர்களுக்கு அது ஒத்துவராது. மாத்திரை என்றால் தினமும் ஞாபகம் வேண்டும், அதோடு ஆணுறையும் சேர்க்க வேண்டும். கடைசியில் கையில் தோலுக்கடியில் வைக்கும் குச்சி வைத்துக்கொண்டேன். ஞாபக வேலை இல்லை, எடுத்ததும் கரு பிடிக்கும் சக்தி சீக்கிரம் திரும்பிவிடும், வால்புரோயேட்டும் அதன் வேலையைக் கெடுக்காது. கார்பமாசெபின் போன்ற வேறு சில வலிப்பு மருந்துகள் சாப்பிடுபவர்களுக்கு இந்தக் குச்சி சரிப்படாது, அந்த மருந்துகள் ஹார்மோனை வேகமாகக் கரைத்துவிடும்.

என் வகை வலிப்புக்கு லெவெடிராசெட்டம் எழுதினார்கள். காலை 250, இரவு 250 என்று தொடங்கி அடுத்து 500, 500. அது ஏறிய பிறகுதான் வால்புரோயேட்டை 200 மில்லிகிராம் வீதம் குறைத்துக்கொண்டே வந்தார்கள், ஒவ்வொரு படிக்கும் வாரக்கணக்கில் இடைவெளி. அத்தைக்கு இது பிடிக்கவில்லை. "கெட்ட மருந்துன்னா இன்னைக்கே தூக்கிப் போடு" என்றார். டாக்டர் இதைத்தான் கண்டிப்பாகக் கூடாது என்றிருந்தார், திடீரென்று நிறுத்தினால் அடங்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

குறைக்கும் நாட்களில் காலை உதறல் திரும்புகிறதா என்று கவனிக்கச் சொன்னார்கள், முழு வலிப்புக்கு முன்னால் அது காட்டிக் கொடுக்கும். எனக்கு ஒரு தடவை கரண்டி கையிலிருந்து பறந்தது. கிளினிக்குக்குப் போன் போட்டேன், குறைப்பதை அங்கேயே நிறுத்தி லெவெடிராசெட்டத்தை ஒரு படி ஏற்றினார்கள், உதறல் நின்றது. புது மருந்தில் எரிச்சல் வரும் என்றார்கள், வந்தது. வீட்டுக்காரர்தான் சாட்சி.

வால்புரோயேட் மாத்திரை இப்போது வீட்டில் இல்லை. குச்சியை உடனே எடுக்கவில்லை, புது மருந்தை மட்டும் வைத்துச் சில மாதம் வலிப்பு வருகிறதா என்று பார்க்கிறார்கள். வால்புரோயேட்டில் இருக்கும்போது மாதவிடாய் தள்ளிப்போனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். மாற்றுவதா குறைப்பதா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.