வடிகலனில் இரண்டு லூப்: ஆர்ஜிஏ எண்ணைச் சோதித்துப் பார்த்த கதை

ப்ராசஸ் கன்ட்ரோல் ப்ராஜெக்டுக்கு எனக்குக் கிடைத்தது மெதனோலையும் தண்ணீரையும் பிரிக்கும் வுட்-பெர்ரி கொலம். 1973இல் வெளியான மாதிரி அது. மட்டக்களப்பில் அப்படி ஒரு கொலத்தைத் தொட்டுப் பார்க்க வழியில்லை என்பதால், கல்லடி வீட்டு லேப்டாப்பில் ஆக்டேவ் போட்டுத்தான் எல்லாம்.

ரிஃப்ளக்ஸ், ஸ்டீம் என்று திருப்ப இரண்டு வால்வு. மேல் தூய்மை, அடியில் மிஞ்சும் மெதனோல் என்று பிடிக்க இரண்டு அளவு. எதற்கு எதைக் கட்டுவது? அதைச் சொல்லும் எண்தான் ஆர்ஜிஏ, அதாவது ரிலேட்டிவ் கெயின் அரே. இரண்டு கன்ட்ரோலரையும் மேனுவலில் வைத்து, ஒரு நேரத்தில் ஒரு வால்வை மட்டும் கொஞ்சம் கூட்டி, அளவுகள் அடங்கும்வரை காத்திருந்தால், வால்வைத் திருப்பினால் அளவு எவ்வளவு மாறும் என்று சொல்லும் நான்கு கெயின் கிடைக்கும். பொறுமை வேண்டும்: மெதுவான வழியின் டைம் கான்ஸ்டன்ட் 21 நிமிடம். அரை மணியில் நிறுத்திக் கணக்குப் போட்டால், 2.01 வரவேண்டிய ஆர்ஜிஏ எண் 1.84 என்று வருகிறது.

```
G = [12.8 -18.9; 6.6 -19.4];
G .* inv(G)'
```

மூலைவிட்டத்தில், அதாவது ரிஃப்ளக்ஸை மேலுக்கும் ஸ்டீமை அடிக்கும் கட்டும் இடங்களில் 2.01, மற்ற இரண்டிடத்திலும் -1.01. 2.01 என்றால், அடி லூப் ஓடும்போது ரிஃப்ளக்ஸின் பலம் மேலே பாதியாகிவிடும். சிமுலேஷனிலும் அப்படியே: ரிஃப்ளக்ஸை 0.1 கூட்டினால் மேல் தூய்மை 1.28 ஏறியது. அடி லூப்பை ஆட்டோவில் போட்டபின் 0.64தான். தனியாக டியூன் செய்த மேல் லூப் அதனால்தான் பிறகு மந்தமாகத் தெரிந்தது.

மைனஸ் என்ன செய்யும் என்பது மட்டும் விளங்கவில்லை. சம்மாந்துறை நண்பன் சொன்னான்: "மாத்திக் கட்டிப் பாரு மச்சான். ஸ்டீம் மேலுக்கு, ரிஃப்ளக்ஸ் அடிக்கு."

கட்டினேன். தனித்தனியாக இரண்டு லூப்பும் ஒழுங்காக அடங்கின. இரண்டையும் ஒன்றாக ஆட்டோவில் போட்டதும் வால்வுகள் ஒரே பக்கமாக ஓடி எல்லையில் போய் முட்டின. ஒன்றை மேனுவலுக்கு எடுத்தால் உடனே சரி. இந்த அறிகுறியைக் கண்டால் டியூனிங்கைத் திருகிப் பயனில்லை, இணைப்பே பிழை.

காரணத்தைக் கையால் போட்டுப் பார்த்தோம். ஸ்டீம் 0.1 கூடினால் மேல் தூய்மை 1.89 இறங்கும், அடி மெதனோல் 1.94 இறங்கும். அடியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர ரிஃப்ளக்ஸ் 0.294 ஏறவேண்டும். அந்த ஏற்றம் மேல் தூய்மையை 3.76 தூக்குகிறது. மிச்சம் 1.87 ஏற்றம். இறக்கும் என்று நம்பி மேல் கன்ட்ரோலர் திறக்கும் ஸ்டீம், உண்மையில் ஏற்றுகிறது! நான் முதலில் பார்மியூலாவை மட்டும் நம்பிப் படித்தேன், இந்தக் கூட்டல் கழித்தல்தான் மண்டையில் ஏறியது.

வாய்மொழித் தேர்வில் எதிர்பார்த்தபடி தாமதத்தைப் பற்றிக் கேட்டார்கள். இந்த எண் நிலையான கெயினை மட்டும் பார்க்கிறது. ரிஃப்ளக்ஸ் அடியைத் தொட 7 நிமிடமும், மேலைத் தொட 1 நிமிடமும் எடுப்பது அதற்குத் தெரியாது. இங்கே தாமதமும் ரிஃப்ளக்ஸை மேலுக்குக் கட்டும் இணைப்பின் பக்கம்தான் நின்றது. இரண்டும் முரண்படும் கொலமாக இருந்தால் ஃப்ரீக்வன்சி வாரியாக ஆர்ஜிஏ போட்டுப் பார்க்கவேண்டும் என்றேன். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.