அந்த ஆட்டை விற்கலாமா?

ஒரு சினை ஆட்டின் காதடியில் இருந்த கட்டியைக் கீறச் சம்மதித்தது சரிதான் என்றே இன்றும் நினைக்கிறேன். கீறி முடித்துக் கை கழுவும்போது ஆட்டுக்காரரான அந்த அக்கா கேட்டார்: "ஆறுன பெறகு சந்தைக்கு ஓட்டிரலாமா தம்பி?" அதற்கு நான் சொன்ன பதில்தான் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இடது காதுக்குக் கீழே, எலுமிச்சையைவிடப் பெரிதாக நெறி கட்டியிருந்தது. தாடைக்கடியில் தளதளவென்று நீர் கோத்திருந்தால் அது பெரும்பாலும் குடற்புழுவால் வந்த வீக்கம், அங்கே கத்திக்கு வேலையில்லை. இது அப்படியில்லை. உருண்டு தனியாக நின்றது, உச்சியில் முடி உதிர்ந்து தோல் மெலிந்திருந்தது. ஊசியைச் செலுத்தி இழுத்ததும் பற்பசை போலக் கெட்டியான, இளம்பச்சை கலந்த வெள்ளைச் சீழ் வந்தது. வாடையே இல்லை. நிணநீர்க் கணுக்களில் சீழ் வைக்கும் கோரினிபாக்டீரியம் சூடோடியூபர்குளோசிஸ் கிருமிதான் இது என்று பெரும்பாலும் உறுதியாயிற்று. ஆய்வகத்துக்குக் கொஞ்சம் எடுத்தும் வைத்தேன்.

அப்படியே விட்டிருந்தால் இரண்டு மூன்று நாளில் தானாக உடைந்திருக்கும். அதுவும் கொட்டிலுக்குள்ளேயே, தீவனத் தொட்டியின் விளிம்பிலோ ஆடுகள் உரசிக்கொள்ளும் கம்பத்திலோ உடைந்திருக்கும். இந்தக் கிருமி மண்ணிலும் மரத்திலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சீமைக்கருவேல முள் கீறிய தோலும், தீவனம் குத்திய வாயும் அதற்குப் போதும், உள்ளே நுழைந்துவிடும். அதனால் எங்கே, எப்போது உடைய வேண்டும் என்பதை நாம் முடிவு செய்வதே மேல். கீறியதற்கு என் நியாயம் இதுதான். ஆட்டைக் குணப்படுத்துவதற்காகக் கீறினேன் என்று சொன்னால் அது பொய்.

கொட்டிலிலிருந்து தள்ளி, ஆடுகள் மேயாத களத்து ஓரத்தில் பழைய பிளாஸ்டிக் சாக்கை விரித்து ஆட்டைப் படுக்கவைத்தோம். மூன்று மாதச் சினை என்பதால் வயிறு அழுந்தாமல் பிடிக்கச் சொன்னேன். கையுறை போட்டுக்கொண்டேன், கண்ணாடியும் முகக்கவசமும் கூட. உள்ளே அழுத்தம் இருந்தால் கத்தி பட்டதும் சீழ் முகத்தில் பீய்ச்சும், மனிதருக்கும் இந்தக் கிருமியால் நெறி கட்டும். ஆட்டைப் பிடித்திருந்த அக்காவின் மகனுக்கும் கையுறை கொடுத்தேன், அவன் விரலில் ஒரு வெட்டுக்காயம் இருந்தது.

முடியை மழித்து, போவிடோன் அயோடின் தடவி, கட்டியின் கீழ்ப்பகுதியில் மேலிருந்து கீழாக ஒரே கீறல். கீறல் சிறியதாக இருந்தால் வாய் மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் மறுபடி சேரும். காதுக்குக் கீழே முகத்து நரம்பும் பெரிய ரத்தக்குழாய்களும் ஓடுவதால் மெலிந்த தோலைத் தாண்டிக் கத்தியை இறக்கக் கூடாது. சீழைச் சொட்டு விடாமல் பாலித்தீன் பைக்குள் பிதுக்கி எடுத்தேன். உள்சுவரைத் துணிச்சுருளால் துடைத்து, நீர்த்த அயோடின் கரைசலால் கழுவி, டிங்சர் அயோடினில் நனைத்த துணியைத் திணித்துவிட்டு, சுற்றிலும் ஈ விரட்டும் மருந்து போட்டேன். மறுநாள் துணியை எடுத்துவிடச் சொன்னேன், எடுத்த துணியும் தீக்குத்தான். பை, துணி, முடி, கையுறை, சாக்கு எல்லாவற்றையும் காய்ந்த முள்ளோடு மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தோம். ஈரச் சீழ் லேசில் எரியாது, சாம்பலாகும்வரை நிற்க வேண்டும். எரிக்க வழியில்லாவிட்டால் நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கலாம். பிளேடைத் தனி டப்பாவில் எடுத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில்தான் அவர் சந்தையைப் பற்றிக் கேட்டார்.

"வளர்க்கிறவங்களுக்கு விக்காதீங்க அக்கா. கறிக்குக் குடுங்க" என்றேன். ஆட்டுக்கு வைத்தியம் பார்க்கும் நாங்கள் எல்லோரும் சொல்வதுதான். கட்டி ஆறினாலும் நோய் போகாது. கிருமி உடலின் காப்பு அணுக்களுக்குள்ளேயே ஒளிந்திருக்கும், சீழைச் சுற்றி வளரும் தடித்த உறையைத் தாண்டி ஊசி மருந்தும் சரியாக எட்டாது. அதே இடத்திலோ தோள்பட்டை முன்னாலோ மடிக்கு மேலோ மறுபடி வரலாம். நுரையீரலுக்குள் வந்தால் இருமலும் இளைப்பும் மட்டுமே வெளியே தெரியும்.

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "செனை ஆட்டக் கறிக்கு எவன் தம்பி வாங்குவான்? வாங்குறவன் வளக்கத்தான் வாங்குவான்."

சட்டப்படியும் சினை ஆட்டை அறுக்கக் கூடாது, மூன்று மாதத்துக்குட்பட்ட குட்டியோடு இருக்கும் தாயையும் கூடாது. ஆக, நான் சொன்ன யோசனையை இன்னும் ஐந்து மாதம் ஆகும்வரை அவரால் நிறைவேற்றவே முடியாது. அதுவரை அந்த ஆட்டைத் தனியாகக் கட்டித் தீவனம் போட வேண்டும், மற்றவற்றை மேய்க்கவும் போக வேண்டும். அவரிடம் இருந்தது ஒரே கொட்டில். புண் முழுக்க மூடித் தோல் காயும்வரையாவது, மூன்று நான்கு வாரம், வேப்பமரத்தடியில் தனியே கட்டச் சொன்னேன். கட்டினார். சொன்னதில் ஒன்றையும் அவர் தட்டவில்லை.

ஆட்டை விற்கவும் இல்லை. இரண்டு மாதம் கழித்து ஈன்றது, இரண்டு குட்டி. கீறியதிலிருந்து நான்கு மாதம் இருக்கும், பட்டியிலிருந்த வேறு ஒரு கிடாய்க்குத் தாடைக்கடியிலும் ஒரு பெட்டைக்குத் தோள்பட்டை முன்னாலும் நெறி கட்டியது. "அன்னிக்கே ஓட்டியிருந்தா ஏம் பட்டிக்கு வந்திருக்காதுல்ல?" என்று கேட்டார். குற்றம் சாட்டும் குரலில் கேட்கவில்லை, அதனால்தான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பதில் சொல்ல எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. கிருமி புகுந்து கட்டி தெரிய இரண்டிலிருந்து ஆறு மாதம் ஆகும். போன வருடம் ஒரு ஆட்டுக்குக் கட்டி தானாக உடைந்தது என்றும், கம்பத்தில் உரசிச் சீழைத் தேய்த்தது என்றும் அவரே முன்பு சொல்லியிருந்தார். அந்த ஆடு அதன் பிறகும் பட்டியில்தான் இருந்தது. நான் வருவதற்கு முன்பே இந்த இரண்டுக்கும் தொற்றியிருக்கலாம், நாங்கள் கீறிய இடத்திலிருந்து எதுவும் பரவவில்லை என்று அவரிடம் சொன்னேன். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சொல்லும்போதே, இது அவருக்கான பதிலா, என் மனதுக்கான பதிலா என்று எனக்கே தெரியவில்லை.

கம்பங்களையும் தொட்டியையும் சுரண்டி, சுரண்டியதை எரித்து, பிறகு பிளீச்சிங் கரைசல் அடிக்க வைத்தேன். அழுக்கின் மேல் நேராக அடித்தால் அதற்கு வீரியம் இருக்காது. மாதம் ஒருமுறை ஒவ்வொரு ஆட்டின் தாடை, காதடி, தோள், தொடைமுன் மடிப்பு, மடிமேல் என்று கை வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். கட்டி பழுக்கும் முன்பே பிரித்துக் கட்டினால் பரவுவது பாதியாவது குறையும் என்பது என் நம்பிக்கை.

விற்பது பற்றித்தான் எனக்குத் தெளிவில்லை. நன்றாகக் கீறி ஆற வைத்தால் தழும்பு முடிக்குள் மறைந்துவிடும், சந்தையில் யாருக்கும் தெரியாது. பழுத்த கட்டியோடு போனால் வாங்குபவன் ஒதுங்குவான். அப்படியானால் என் கத்தி அந்த ஆட்டை இன்னொருவர் பட்டிக்குள் போகத் தகுதியாக்கித் தருகிறது. கீறாமல் விட்டால் இந்தப் பட்டி முழுக்கப் போகும். வாங்குபவரிடம் சொல்லி விற்கச் சொல்லலாம்தான். அப்படிச் சொன்னால் பாதி விலைகூடக் கிடைக்காது, அந்த மீதியை அவருக்கு யார் கொடுப்பது?

குட்டிகளுக்கு மூன்று மாதம் முடிந்ததும் தாயையும் கிடாயையும் கறிக்கடைக்குக் கொடுத்தார். நெறியை வெட்டாமல் முழுதாக எடுத்து எரிக்கச் சொல்லிக் கடைக்காரரிடமும் பேசினேன். மிச்சமிருந்த பெட்டை முதல் ஈத்துக்காரி, நல்ல ஆடு. "இதையுமா தம்பி?" என்றார். "அடுத்த மாசம் கை வச்சுப் பாத்துட்டுச் சொல்றேன் அக்கா" என்று வந்துவிட்டேன்.