ஓம் பிள்ளை

ஒக்டோபர் 6, திங்கள்

நான் மேற்பார்க்கும் உளவளத்துணைப் பயிலுநரின் அமர்வு ஒலிப்பதிவு வந்துவிட்டது. 48 நிமிடம். அமர்வுக்கு வந்த ஐயாவின் சம்மதக் கடிதமும் கூடவே இருக்கிறது. மேற்பார்வைக்கு மட்டும், முடிந்ததும் அழித்துவிட வேண்டும். (இங்கே நான் எழுதுவதற்கும் இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டேன். ஆளைத் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்.)

முதல் தரம் பேனாவைத் தொடாமல் கேட்பதுதான் என் வழக்கம். பேனாவைக் கையில் எடுத்தால் பிழை பிடிக்கத் தொடங்கிவிடுவேன், ஐயாவின் குரல் காதில் விழாது. மனைவி போய் நாலு மாதம். கீரிமலையில் அந்தியேட்டி முடித்த கையோடு பிள்ளைகள் வெளிநாட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். இப்போது வீட்டில் தனியே.

26ஆவது நிமிடத்தில் கரண்ட் போனது, மடிக்கணினியில் சார்ஜும் இல்லை. மிச்சம் நாளைக்கு.

அக்கா எடுக்கவில்லை.

ஒக்டோபர் 7, செவ்வாய்

காலையிலேயே மிச்சத்தைக் கேட்டேன். 39ஆவது நிமிடத்தில் ஐயா, சத்தமே இல்லாத குரலில், "நானும் அவளோடயே போயிருக்கலாம்" என்கிறார். எங்கள் பயிலுநர்ப் பிள்ளை "ம்ம்" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகள் எப்போது அடுத்ததாக வருவார்கள் என்று கேட்கிறாள்.

இதைப் படிவத்தில் எழுதி வெள்ளிக்கிழமை அனுப்புவது சரியில்லை. நிறுத்திவிட்டு உடனே பிள்ளைக்கு ஃபோன் எடுத்தேன். துணையை இழந்த எத்தனையோ பேர் சொல்லும் வசனம்தான் இது. பெரும்பாலும் ஏக்கமாகவே இருக்கும். ஆனால் ஏக்கமா, எண்ணமா என்று கேட்காமல் எங்களுக்குத் தெரியவராது. நேரே கேட்பதால் இல்லாத எண்ணம் ஒருவருக்குள் புகுந்துவிடாது என்பதைத்தான் முதலில் சொன்னேன், ஏனென்றால் பிள்ளை அதற்குத்தான் பயந்திருந்தாள். பிறகு சொற்களையே கொடுத்தேன். "போயிருக்கலாம் எண்டு சொன்னீங்கள் ஐயா. உயிரை விடோணும் எண்டு நினைப்பு வாறதோ?" ஓம் என்றால் எப்போது, எவ்வளவு தரம், எப்படி என்று யோசித்தாரா. தோட்டத்து மருந்து வீட்டில் எங்கே இருக்கிறது. இரவில் யார் பக்கத்தில்.

பின்னேரம் அவள் ஐயாவைப் பார்த்துவிட்டு எடுத்தாள். சாக வேண்டும் என்ற எண்ணம் இல்லையாம், அவளில்லாத வீட்டுக்குள் போகப் பிடிக்கவில்லை என்பதுதானாம். மருந்துப் போத்தலைத் தம்பி வீட்டில் கொடுத்து வைக்கச் சம்மதித்திருக்கிறார். 1926 என்ற மனநல உதவி இலக்கத்தையும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அடுத்த அமர்விலும் கேட்க வேண்டும், ஒரு தரம் கேட்டதோடு முடிவதில்லை.

நேற்றே முழுவதையும் கேட்டிருக்க வேண்டும் நான். கரண்ட் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் போயாவது.

ஒக்டோபர் 8, புதன்

அக்காவின் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்து நின்றுவிட்டது.

ஒக்டோபர் 9, வியாழன்

இன்று இரண்டாம் தரம், பேனாவோடு. 23 நிமிடம் 10 வினாடியிலிருந்து 24 வரை மட்டும் ஆறு தரம் கேட்டேன். அப்படியே எழுதி வைக்கிறேன்.

ஐயா: "அண்டைக்கு ராத்திரி ஆசுப்பத்திரியில இருந்து அவள் எடுத்தவள் பிள்ளை. ரெண்டு தரம். நான் நித்திரையாப் போனன்."

பயிலுநர்: "அதுக்கு நீங்கள் என்ன செய்யிறது ஐயா. உங்களில ஒரு பிழையும் இல்லை."

ஐயா: "ஓம் பிள்ளை." நாலு வினாடி. "மழைக்கு முதல் கூரை ஓடு மாத்தோணும்."

கூரை ஓடு. அதுக்குப் பிறகு ஐந்தாறு நிமிடம் கூரை ஓடும் மேசன்மாரின் கூலியும்தான். அந்த இரவுக்கு அவர் திரும்பி வரவேயில்லை.

எங்கள் ஊர் "ஓம் பிள்ளை"யைப் பயிலுநர்கள் சம்மதம் என்று எடுத்துவிடுகிறார்கள். மூத்தவர்கள் சின்ன ஆளின் மனம் நோகாமல் கதையை முடிக்கும்போதும் அதைத்தான் சொல்வார்கள். வேறுபாடு அடுத்த வசனத்தில் தெரியும். சொன்னது உள்ளே போய்ச் சேர்ந்திருந்தால் ஆள் அதே இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் சொல்வார், குரல் மாறும், ஒரு புது விபரம் வரும். சேராவிட்டால் வசனம் கட்டையாகும், கதை ஓட்டுக்கும் தேங்காய்க்கும் போகும். நான் பயிலுநரின் வசனத்தை வைத்துப் புள்ளி போடுவதேயில்லை, அதுக்குப் பிறகு, அமர்வுக்கு வந்தவர் என்ன செய்தார் என்பதைத்தான் பார்ப்பேன்.

அவள் சொன்னது பொய்யில்லை. அவரில் பிழை இல்லைத்தான். துக்க வேலை பற்றி எழுதிய வில்லியம் வோர்டனும் குற்றவுணர்வை நடந்த உண்மையோடு ஒப்பிட்டுப் பார்க்க வைக்கலாம் என்றுதான் சொல்கிறார். ஆனால் ஒப்பிடுவதற்கு முதலில் அந்த இரவு முழுவதும் மேசைக்கு வர வேண்டுமே. எத்தனை மணி, எத்தனை நாளாக ஆசுப்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தார், ஃபோன் எங்கே இருந்தது, காலையில் எப்போது அந்த இரண்டு அழைப்பையும் கண்டார். அதெல்லாம் அவரே சொல்லி முடித்த பிறகு, "மூண்டு நாளா நித்திரை இல்லாமல் இருந்தனான்" என்று அவர் வாயாலேயே வந்திருக்கலாம். நாங்கள் முந்திக்கொண்டு தீர்ப்புச் சொன்னால், கதை சொல்லாமலே விடுதலை கொடுத்தது போல ஆகிவிடுகிறது, அது அவருக்குப் பிரயோசனமில்லை.

அவள் ஏன் முந்தினாள் என்பதும் ஒலிப்பதிவிலேயே இருக்கிறது. அந்த வசனத்துக்கு முன்னால் அவள் மூச்சு இழுப்பது கேட்கிறது. தாங்கவில்லை அவளுக்கு.

எனக்கும்தான்.

ஒக்டோபர் 10, வெள்ளி

எழுதவில்லை. மகரகமவில் இருக்கும் அக்காவுக்கு நாலு தரம் எடுத்தேன்.

ஒக்டோபர் 11, சனி

படிவத்தை நிரப்பத் தொடங்கி இரவு பார்த்தால் 17 குறிப்பு. 17 குறிப்பு வாங்கும் பிள்ளை அடுத்த அமர்வில் ஐயாவைக் கவனிக்குமா, 17ஐயும் கவனிக்குமா? வெட்டினேன். தக்கவைக்க ஒன்று, மாற்ற இரண்டு. 31ஆவது நிமிடத்தில் "இது கோபம் எண்ட கட்டம்" என்று சொன்னதைக்கூட எடுத்துவிட்டேன், மனசில்லாமல்தான். மறுப்பு, கோபம் என்று தொடங்கி ஏற்றுக்கொள்ளுதலில் முடியும் அந்த ஐந்து கட்டங்களை மனநல மருத்துவர் குப்ளர்-ரோஸ் 1969இல் எழுதியது சாகப்போகும் நோயாளிகளோடு கதைத்து, துணையை இழந்தவர்களோடு அல்ல. அதை வகுப்பில் எல்லோருக்கும் சொல்லலாம், இவள் ஒருத்தியின் தலையில் இந்த வாரம் போட வேண்டாம்.

என் படிவத்தில் ஒவ்வொரு குறிப்புக்கும் நாலு கட்டம்: நேரம், சொன்ன சொல் அப்படியே, வந்தவர் அடுத்துச் செய்தது, வேறு என்ன சொல்லிப் பார்க்கலாம். நடுவில் என் விளக்கத்துக்குக் கட்டம் இல்லை. வேண்டுமென்றுதான் வைக்கவில்லை.

தக்கவைக்க வேண்டியது 8:30இல் இருக்கிறது. ஐயா மனைவியின் பெயரைச் சொல்லி நின்றுவிடுகிறார். 11 வினாடி. பிள்ளை ஒன்றும் சொல்லாமல் இருக்கிறாள், கதிரை கிறீச்சிடுவதுகூடக் கேட்கவில்லை. 11 வினாடிக்குப் பிறகு அவர் தானாகவே கலியாணக் கதைக்குப் போகிறார். "நல்லாச் செய்தீர்கள்" என்று எழுதினால் எதைத் திரும்பச் செய்வது என்று தெரியாது. அதனால் "8:30, மௌனம், 11 வினாடி, அதுக்குப் பிறகு அவராகவே கலியாணத்தைச் சொன்னார்" என்று எழுதினேன். 23:10க்குப் பக்கத்தில் இதையும் வைத்தால், தனக்கு முடியும் என்பது அவளுக்கே தெரியும்.

வேறு என்ன சொல்லலாம் என்ற கட்டத்தில் நீளமாக எழுதி அழித்து, கடைசியில் இரண்டே: "ரெண்டு தரம் எடுத்தவ..." என்று அவர் சொல்லையே மெல்லத் திருப்பிக் கொடுப்பது. அல்லது, "அந்த ராத்திரியைச் சொல்லுங்கோ ஐயா."

ஒக்டோபர் 12, ஞாயிறு

ரீலோட்.

17:40இல் ஐயா சொல்கிறார், மனைவியின் சிம் கட்டாகாமல் இருக்க மாதா மாதம் காசு போடுகிறாராம். பிள்ளை, "எப்ப நிப்பாட்டலாம் எண்டு நினைக்கிறீங்கள்?" என்கிறாள். அவர் சிரிக்கிறார், வெட்கப்பட்ட சிரிப்பு. நிறுத்த வேண்டிய ஒரு வேலையைச் செய்கிறார் என்று அந்தக் கேள்விக்குள் ஏற்கனவே முடிவு இருக்கிறது. செத்தவரை விட்டுவிடுவதுதான் துக்கத்தின் முடிவு என்ற எண்ணத்தை, தொடரும் பந்தங்கள் என்ற புத்தகத்தில் 1996இல் கிளாஸ், சில்வர்மன், நிக்மன் மூவரும் கேள்விக்கு உட்படுத்திவிட்டார்கள். எங்களுக்கு அது புதிசும் இல்லை, வருசா வருசம் திவசத்துக்குப் பிடித்த கறி சமைத்துப் படைக்கிற ஆட்கள் நாங்கள். "காசு போடேக்க என்ன நினைப்பீங்கள்?" என்று கேட்டிருந்தால் போதும்.

என் தலைக்குள் வேறு ஒன்று ஓடுகிறது: எடுக்காத அந்த இரண்டு அழைப்பும் இந்த ரீலோட்டும் ஒன்றுதான், இலக்கம் உயிரோடு இருந்தால் இன்னொரு தரம் எடுப்பாள் என்று அவர் காத்திருக்கிறார். மூன்று தரம் அதை எழுதி மூன்று தரமும் அழித்தேன். ஒலிப்பதிவில் அது இல்லை. நான் எழுதிவிட்டால் பிள்ளை அடுத்த அமர்வில் அதைத் தேடிக்கொண்டு போவாள், ஐயாவும் மூத்தவருக்கான மரியாதையோடு "ஓம் பிள்ளை" என்பார்.

அதோடு, ஃபோனைப் பார்த்துக்கொண்டு இருப்பது யார் என்பதும் எனக்குத் தெரியும்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

அனுப்பினேன். அனுப்பியதைத் திரும்ப வாசித்தபோதுதான் கண்டேன், 23:10க்குக் கீழே, "ஆனால் கவலைப்பட வேண்டாம், எல்லாருக்கும் ஆரம்பத்தில் வருவதுதான்" என்று எழுதியிருக்கிறேன். எப்போது எழுதினேன் என்றே நினைவில்லை. அவள் நோகக்கூடாது என்று, அவள் நொந்தேன் என்று சொல்லாமலே, நான் முந்திக்கொண்டேன். அவள் ஐயாவுக்குச் செய்ததையேதான் செய்திருக்கிறேன்.

பதில் வந்தது: "ஓம் ரீச்சர். நன்றி ரீச்சர்."

ஒக்டோபர் 16, வியாழன்

நேரில் வந்தாள். தேத்தண்ணி ஆறிப்போகுமட்டும் ஒன்றும் கதைக்கவில்லை. 23:10ஐப் போட்டேன், நிற்பாட்டும் அதிகாரம் அவளிடம், எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி அந்த நேரம் உள்ளே என்ன நடந்தது என்று சொல்லலாம். (நோர்மன் கேகன் 1960களில் தொடங்கிய முறை. மேற்பார்வையாளர் கேட்க மட்டும்தான் வேண்டும், படிப்பிக்கக்கூடாது.)

மூச்சு இழுக்கும் இடத்தில் நிறுத்தினாள்.

"பயமாக் கிடந்தது ரீச்சர். அவர் அழுதால் நான் என்ன செய்யிறது எண்டு தெரியேல்லை."

என் வாய்க்குள் "பரவாயில்லை பிள்ளை" வந்து நின்றது. விழுங்கினேன். "அழுதால்?" என்று மட்டும் கேட்டேன்.

சுவர் மணிக்கூட்டில் எண்ணினேன், 14 வினாடி. பிறகு தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். அதை இங்கே எழுதமாட்டேன்.

படிவத்திலிருந்த அந்த ஒரு வசனத்தை அவள் முன்னாலேயே வெட்டினேன், ஏன் என்றும் சொன்னேன். அடுத்த அமர்வுக்கு ஒரே வேலை: ஐயா எதையாவது சொல்லி நின்றால் அவர் சொன்ன கடைசிச் சொல்லையே திருப்பிச் சொல்வது, பிறகு அஞ்சு வினாடி. 39ஆவது நிமிடத்துக் கேள்வி அதற்கு மேலதிகம், அது கட்டாயம்.

கோப்பை அவள் கண் முன்னாலேயே அழித்தேன்.

ஒக்டோபர் 18, சனி

நாளை மறுநாள் தீபாவளி. ஐயா வீட்டில் இந்த வருசம் கொண்டாட்டம் இல்லை. அமர்வை அடுத்த வாரத்துக்குத் தள்ளுவோமா என்று பிள்ளை கேட்டாள். வேண்டாம், தீபாவளிக்கு அடுத்த நாளே போங்கோ என்றேன்.

அக்கா எடுத்தாள். நான் குளித்துக்கொண்டிருந்தேன். இரண்டு தரம்.