இடப்பக்கத்து வாய்

அக்டோபர் 14, கோத்தகிரி
ஸ்கேன் ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கருப்பையின் மேல்பக்கத்திலிருந்து ஒரு தடுப்பு உள்ளே இறங்குகிறது, ஒன்றரை செ.மீ. நான் அம்மா வயிற்றில் இருந்தபோதே இரண்டு குழாய்கள் ஒட்டி ஒரு கருப்பையாகி, நடுச்சுவர் கரைந்திருக்க வேண்டுமாம். எனக்கு முழுதாகக் கரையவில்லை. அம்மா போனில், “அப்போ நான் என்னத்தைத் தின்னேனோ” என்று அழுதார். தின்றதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது.

அக்டோபர் 17
மாதவிடாய். கறை மட்டும், அதுவும் ஒன்றரை நாள். கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்த டி அண்ட் சி-க்கு முன்னால் ஐந்து நாள் போகும்.

அக்டோபர் 20
மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்திருக்கிறது. கருப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கக் கோவை போக வேண்டும். ரத்தம் நின்று, உள்சவ்வு தடிக்கும் முன்னால் பார்த்தால்தான் கேமராவுக்குத் தெளிவாகத் தெரியும். இந்த வாரம் போனால் போனதுதான், அடுத்த மாதம்தான். அவர் குன்னூர் வழியாகப் போகலாம் என்கிறார். அந்தப் பக்கமும் மழைதான்.

அக்டோபர் 25, கோவை
மயக்க மருந்து இல்லை. பேனா ரீஃபிலைவிடக் கொஞ்சம் தடிமனான குழாய். உப்பு நீர் உள்ளே போனதும் மாதவிடாய் வலி மாதிரி இழுத்துப் பிடித்தது. ஒட்டியிருக்கும் சுவர்களை அந்த நீர்தான் விலக்கிக் காட்டுகிறது.

திரையைப் பார்க்கச் சொன்னார் டாக்டர். வெளிர் சிவப்பில் ஒரு குகை, நடுவே இறங்கும் வெள்ளைச் சுவர். வலப்பக்க மூலையில் சின்னக் கறுப்புப் புள்ளி. “இதுதாம்மா கருமுட்டை வர்ற டியூப்போட வாய்.” இடப்பக்கம் போனார். வாய் இல்லை. முன்சுவருக்கும் பின்சுவருக்கும் நடுவே வெள்ளை நார்கள். டி அண்ட் சி-யில் சுரண்டும்போது உள்சவ்வின் அடி அடுக்கு போய்விட்டால், புண் ஆறும்போது இரண்டு சுவரும் இப்படி ஒட்டிக்கொள்ளுமாம். காசநோயும் இதே மாதிரி ஒட்டவைக்கும் என்று ஒரு துணுக்கு எடுத்து அனுப்பினார்.

இடப்பக்கத்து வாய் நாருக்குப் பின்னால் இருக்கிறதா, அடைந்தே போய்விட்டதா?

அக்டோபர் 27
தூக்கம் இல்லை. கேமரா உள்ளே மட்டும்தான் பார்க்கும். உள்ளே சுவர் தெரிந்தால் அது வெறும் தடுப்பான செப்டமாகவும் இருக்கலாம், மேல்பக்கமே இரண்டாகப் பிரிந்த இரட்டைக் கொம்புக் கருப்பையாகவும் இருக்கலாம். கருப்பையின் வெளிக்கோட்டைப் பார்த்துத்தான் பிரித்துச் சொல்ல முடியும். மேல்பக்கம் ஏறக்குறைய சமமாக இருந்தால் செப்டம், வெட்டலாம். ஒரு செ.மீ.க்கு மேல் பள்ளம் விழுந்திருந்தால் இரட்டைக் கொம்பு. அதை வெட்டப்போனால் கருப்பை ஓட்டையாகிவிடும். அதனால்தான் த்ரீ-டி ஸ்கேன் எடுத்தார்கள். எனக்குச் சமமாகத்தான் இருக்கிறது. அந்த ஒரு வரியைப் படித்துக்கொண்டே விடிந்துவிட்டது.

நவம்பர் 3
காசநோய் இல்லை. அத்தை கோயிலுக்குப் போய்விட்டு வந்தார்.

நவம்பர் 8
“தடுப்பை எடுத்துட்டா கரு தங்கிடுமா?” என்று கேட்டேன். டாக்டர் மழுப்பவில்லை. 2021-ல் 80 பெண்களை வைத்து வந்த ஆய்வில், தடுப்பை வெட்டியவர்களுக்கும் வெட்டாதவர்களுக்கும் குழந்தை பிறந்த விகிதத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லையாம். சின்ன ஆய்வு என்பதால் வாதம் இன்னும் ஓயவில்லை. “உங்களுக்கு ஒட்டுதலை எப்படியும் பிரிச்சாகணும். மாதவிடாயே குறைஞ்சு போச்சே. அதோட சேர்த்துத் தடுப்பையும் எடுக்கிறேன்” என்றார். அவர் மீது நம்பிக்கை கூடியது இதற்குப் பிறகுதான்.

நவம்பர் 24
முடிந்தது. வலி.

நவம்பர் 25
வீடியோ காட்டினார். முதலில் நார்களை, கரண்ட் இல்லாத சின்னக் கத்தரியால். கரண்ட் வைத்தால் மிச்சமிருக்கும் நல்ல சவ்வும் வெந்துவிடும். வயிற்றின் மேல் ஒருவர் ஸ்கேன் வைத்து, கத்தரி எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். பிறகு தடுப்பை நடுவாக்கில் வெட்டிக்கொண்டே போகிறார், ரத்தமே இல்லை. ஓரிடத்தில் சிவந்து பொட்டுப் பொட்டாக ரத்தம். அங்கே நிறுத்திவிட்டார். அதற்கு மேல் சதை, கருப்பையின் சொந்தச் சுவர். கொஞ்சம் மிச்சம் நிற்கிறது, பரவாயில்லையாம்.

நர்ஸ் உள்ளே போன நீரையும் வெளியே வந்த நீரையும் கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். வித்தியாசம் இரண்டரை லிட்டரைத் தொட்டால் பாதியிலேயே நிறுத்தியாக வேண்டும். அவ்வளவு நீர் உடம்புக்குள் ஏறினால் நுரையீரலில் கோத்துக்கொள்ளும்.

கடைசியில் கேமராவைப் பின்னால் இழுத்தார். வலப்பக்கப் புள்ளி. இடப்பக்கப் புள்ளி. இரண்டும் ஒரே திரையில்.

நவம்பர் 28
வெட்டிய சுவர்கள் மறுபடி ஒட்டாமல் இருக்க உள்ளே சின்ன பலூன். இன்னும் சில நாள். சவ்வு வளர எஸ்ட்ரோஜன் மாத்திரை, வாந்தி வருகிற மாதிரியே இருக்கிறது. ஒட்டுதல் திரும்ப வருவதுதான் இதில் பெரிய தொல்லை. அடர்த்தியாக இருந்தவர்களுக்குத்தான் அதிகம் வருமாம். எனக்கு இடப்பக்கம் அடர்த்தி.

டிசம்பர் 2
பலூனை எடுத்தார்கள். காய்ச்சல் இல்லை.

டிசம்பர் 29
மாதவிடாய். மூன்று நாள், சரியான சிவப்பு. அவரிடம் சொன்னபோது என்ன சொல்வதென்று தெரியாமல் டீ போட்டுக் கொடுத்தார்.

ஜனவரி 6, கோவை
இரண்டாவது கேமரா. இடப்பக்கம் மெல்லிய நார் ஒன்று, சிலந்தி நூல் அளவு. குழாயின் முனையாலேயே தள்ளிவிட்டார், பிரிந்தது. வாய் தெரிகிறது. இன்னொரு மாதம் மாத்திரை, அப்புறம் முயற்சி செய்யலாம் என்றார். தங்கினால் பிரசவத்தில் நஞ்சுக்கொடி ஒட்டிக்கொண்டு வராமல் போகலாம், அதனால் எந்த ஆஸ்பத்திரியானாலும் ஒட்டுதல் பிரித்தவள் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டுமாம். ஃபைலின் முதல் பக்கத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டேன்.