உச்சத்தருகே முடிந்த விலையும் ஒரே ஒரு நாளின் வால்யூமும்

ஒரு தரகு நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் நான் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், ஒரு நடுத்தர நிறுவனப் பங்கைப் பற்றிய என் குறிப்பு திரும்பி வந்தது. 20 நாள் சைக்கின் மணி ஃப்ளோ 0.20 என்றும், அக்குமுலேஷன் டிஸ்ட்ரிபியூஷன் லைன் ஏறுமுகமாக இருக்கிறது என்றும், ஆகவே பெரிய கைகள் பங்கைச் சேர்த்து வருகின்றன என்றும் எழுதியிருந்தேன். பிரிவின் மூத்தவர் கேட்டது ஒரே கேள்விதான்: "தம்பி, எந்தெந்த நாளில் சேர்த்தார்கள் என்று பார்த்தீர்களா?" நான் பார்க்கவில்லை.

இரண்டு அளவுகளுக்கும் அடிப்படை ஒன்றே. அன்றைய முடிவு விலை அன்றைய ஏற்ற இறக்கத்துக்குள் எங்கே நிற்கிறது என்பதை −1 முதல் +1 வரையிலான ஒரு பெருக்கியாக்கி, அதை அன்றைய வால்யூமால், அதாவது கைமாறிய பங்குகளின் எண்ணிக்கையால், பெருக்குகிறோம். கீழே C முடிவு விலை, H அன்றைய உயர்வு, L தாழ்வு, V வால்யூம்; MFM அந்தப் பெருக்கி, MFV அந்தப் பெருக்கல் தொகை.

```
MFM = ((C - L) - (H - C)) / (H - L)
MFV = MFM * V
CMF = sum(MFV, 20) / sum(V, 20)
```

MFV-ஐ நாள்தோறும் கூட்டிக்கொண்டே போனால் கிடைப்பது அக்குமுலேஷன் டிஸ்ட்ரிபியூஷன் லைன். 20 நாள் கூட்டுத்தொகையை அதே நாட்களின் மொத்த வால்யூமால் வகுத்தால் கிடைப்பது சைக்கின் மணி ஃப்ளோ.

மூத்தவர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு நாளாகப் பிரித்துப் பார்த்தேன். 20 நாள் மொத்த வால்யூம் 200 லட்சம் பங்குகள், MFV கூட்டுத்தொகை 40 லட்சம். ஆனால் ஒரே ஒரு நாளில் மட்டும் 60 லட்சம் பங்குகள் கைமாறியிருந்தன. அன்றைய தாழ்வு 300 ரூபாய், உயர்வு 320, முடிவு 319. பெருக்கி 0.9 என்பதால் அந்த ஒரு நாளின் பங்களிப்பு மட்டுமே 54 லட்சம். அதை விலக்கினால் மீதி 19 நாட்களில் 140 லட்சம் வால்யூமுக்குக் கூட்டுத்தொகை −14 லட்சம், அதாவது −0.10. நான் சேர்ப்பு என்று எழுதிய காலத்தில், அந்த ஒரு நாளைத் தவிர, மொத்தத்தில் விற்பனைதான் ஓங்கியிருந்தது.

அந்த நாள் என்ன நாள் என்பது அதைவிட முக்கியம். அந்தப் பங்கு ஒரு குறியீட்டில் சேர்க்கப்படுவதற்கு முந்தைய வர்த்தக நாள் அது. குறியீட்டைப் பின்பற்றும் நிதிகள் அன்றைய முடிவு விலைக்கு நெருக்கமாக வாங்கியாக வேண்டும். தேசியப் பங்குச் சந்தையில் அப்போது முடிவு விலை என்பது கடைசி வர்த்தகத்தின் விலையன்று. கடைசி அரை மணி நேரத்தின் வால்யூம் எடையிட்ட சராசரி. எனவே அந்த நிதிகள் அந்த அரை மணி நேரத்தில் குவிந்து வாங்கினால், முடிவு விலை உச்சத்தருகே போய் நிற்பது இயல்பு. வாங்கியது உண்மை, அன்றே திருப்பி விற்கப்படாமல் வாங்கியவர் கணக்குக்குப் போன பங்குகளின் அளவைக் காட்டும் டெலிவரி விழுக்காடும் அன்று அதிகமாகவே இருந்தது. ஆனால் விலை மலிவு என்று கருதி யாரும் வாங்கவில்லை, மறுநாள் தொடர்ந்து வாங்கப்போவதும் இல்லை. டெலிவரி விழுக்காட்டை மட்டும் வைத்து உண்மையான வாங்கலை உறுதிசெய்துவிடலாம் என்று நான் அதுவரை நம்பியிருந்தது அன்று உடைந்தது. அந்த நாள் 20 நாள் கணக்கிலிருந்து வெளியேறிய அன்று, பங்கின் விலை ஏறத்தாழ அசையாமலே சைக்கின் மணி ஃப்ளோ பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கியது.

சில வாரங்கள் கழித்து அதே பங்கு இன்னொரு குறையைக் காட்டித் தந்தது. முந்தைய முடிவு 318 ஆக இருக்க, காலையில் கேப் டவுனாகத் திறந்து, 298-க்கும் 308-க்கும் இடையே ஆடி, 307-இல் முடிந்தது. பங்கு வைத்திருந்தவருக்கு 11 ரூபாய் நட்டம். ஆனால் பெருக்கியோ 0.8, லைனும் ஏறியது. சூத்திரம் நேற்றைய விலையைப் பார்ப்பதே இல்லை. முந்தைய முடிவையும் சேர்த்து உயர்வை 318 என்று வைத்துக் கணக்கிட்டால் பெருக்கி −0.1 ஆகிவிடுகிறது. காலை விழுந்த விலையில் சிலர் வாங்கினார்கள் என்பது மெய்தான்; ஆனால் இரவோடு இரவாக வந்த விற்பனை அழுத்தத்தை அது ஈடுகட்டவில்லை.

அதன் பிறகு என் தாளில் மூன்று நெடுவரிசைகள் கூடின: முந்தைய முடிவைச் சேர்த்த பெருக்கி, டெலிவரி விழுக்காடு, மிகப் பெரிய வால்யூம் நாளை நீக்கிய சைக்கின் மணி ஃப்ளோ. பங்குச் சந்தை அன்றாட விலைகளை வெளியிடும் பவ்காப்பிக் கோப்பில் `CLOSE_PRICE`, `LAST_PRICE` இரண்டும் தனித்தனியே இருப்பதால், எதை எடுத்தேன் என்பதையும் தலைப்பில் குறித்துவைப்பேன். திருத்திய குறிப்பில் சேர்ப்பு என்ற சொல்லை நீக்கிவிட்டு, 0.20, −0.10 ஆகிய இரு எண்களையும் அருகருகே எழுதி, குறியீட்டு மாற்றத்தின் தேதியையும் சேர்த்து அவரிடம் கொடுத்தேன்.